புகார் போய்ச் சேர்ந்த தேதி

*வீட்டுக் கடனை முன்னதாகவே அடைத்து முடித்தேன். ஒப்பந்தத்தில் எங்கும் இல்லாத ஒரு கட்டணத்தைக் கடைசித் தொகையோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். மாதாமாதம் கணக்கு அறிக்கை வரும் மின்னஞ்சலுக்கே பதிலாகப் புகாரை அனுப்பினேன். இருபது நாளாகியும் ஒரு வரி பதில் இல்லை. கிளைக்கு நேரில் கொண்டுபோனால், கடிதத்தை வாங்கிக்கொள்கிறோம், நகலில் கையெழுத்துப் போட மாட்டோம் என்கிறார்கள். பதிவுத் தபாலில் அனுப்பு என்கிறார் என் அண்ணன். இந்தக் காலத்தில் தபாலா, மின்னஞ்சலே போதும் என்கிறான் மகன். எது செல்லும்?*

*ஒரு வாசகி*

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து, பெறுநர் முகவரியைப் பாருங்கள். கணக்கு அறிக்கைகள் பெரும்பாலும் noreply என்று தொடங்கும் முகவரியிலிருந்துதான் வரும். அது இயந்திரம் அனுப்புவதற்காக வைத்த முகவரி. அங்கே போகும் பதிலைத் திறந்து பார்க்க ஆள் கிடையாது. சில நிறுவனங்களில் அந்தப் பெட்டிக்கு வருவதெல்லாம் சத்தமில்லாமல் அழிந்துவிடும், திரும்பியும் வராது. எனவே நீங்கள் காத்திருந்த இருபது நாளும், என் கணக்கில், இன்னும் தொடங்கவே இல்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டும் அல்ல. மின்னணு வணிகத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பு 1996இல் ஒரு மாதிரிச் சட்டம் தந்தது. பல நாடுகள் அதைப் பின்பற்றித் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டன. அதில் இருக்கும் ஏற்பாடு இதுதான்: பெறுபவர் 'இந்த முகவரிக்கு அனுப்புங்கள்' என்று ஒன்றைக் குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அந்த முகவரிக்குள் நுழைந்த நேரமே அது சேர்ந்த நேரம். அவர் படித்தாரா, தூங்கினாரா என்ற கேள்வியே எழாது. குறித்துக் கொடுத்ததை விட்டுவிட்டு அவருடைய வேறொரு முகவரிக்கு அனுப்பினால், அவர் அதை எடுத்துப் பார்க்கும்போதுதான் சேர்ந்ததாகக் கணக்கு. யாருமே எடுத்துப் பார்க்காத பெட்டிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, உங்கள் வீட்டு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நான் அல்ல. நிறுவனத்தின் இரண்டு காகிதங்கள். ஒன்று, அவர்களே வெளியிட்டிருக்கும் குறைதீர்ப்பு நடைமுறை. இணையதளத்தின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும். புகாருக்கான மின்னஞ்சல் முகவரி, குறைதீர்ப்பு அதிகாரியின் பதவிப் பெயர், அலுவலக முகவரி, பதில் தர அவர்களுக்கு உள்ள நாள் கணக்கு எல்லாம் அதில் கிடைக்கும். இரண்டாவது, உங்கள் கடன் ஒப்பந்தத்தில் 'அறிவிப்புகள்' என்ற தலைப்பில் வரும் பத்தி. கடைசிப் பக்கங்களில் இருக்கும்; யாரும் படிப்பதில்லை. எழுத்துப்பூர்வமான எந்த அறிவிப்பும் இன்ன முகவரிக்குப் பதிவுத் தபாலில் வர வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் அண்ணன் சொல்வது சரி. குறைதீர்ப்பு நடைமுறை மின்னஞ்சலை ஏற்பதாகச் சொல்லி, ஒப்பந்தம் தபாலைக் கட்டாயமாக்காவிட்டால் மகன் சொல்வது சரி. ஒன்று ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் சொன்னால் இரண்டு வழியிலும் அனுப்புங்கள். தபால் செலவு, நீங்கள் திரும்பக் கேட்கும் தொகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சேர்ந்த தேதியைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. நிதி நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் நான் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன். புகாரில் உள்ள நியாயத்தைப் பற்றி நடந்த சண்டைகளைவிட, புகார் எப்போது வந்தது என்பதைப் பற்றி நடந்த சண்டைகளே அதிகம். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பதிவுத் தபாலில் அனுப்பிய புகார், தரைத்தளத்தில் உள்ள தபால் அறைக்கு 14ஆம் தேதி வந்தது. அங்கிருந்த உதவியாளர் தேதி முத்திரையை உறையின் மேல் குத்தினார். இரண்டு நாள் கழித்து உறையைக் கிழித்து, கடிதத்தை மட்டும் மாடிக்கு அனுப்பிவிட்டு, உறையைக் குப்பையில் போட்டார். கடிதம் மூன்று மேசைகள் ஏறி இறங்கி என்னிடம் வந்தபோது தேதி 22. எங்கள் பதிவேட்டிலும் 22தான் ஏறியது. பிறகு அந்த வாடிக்கையாளர், நிறுவனங்கள் மீதான புகார்களைக் கேட்கும் மேலமைப்புக்குப் போனார். எங்கள் நிறுவனம் 22ஐக் காட்டி, 'எங்களுக்குரிய அவகாசம் முடிவதற்கு முன்பே மேலே போய்விட்டார்' என்று வாதாடியது. அந்த மனிதர் ஒப்புகை அட்டையை எடுத்துப் போட்டார். எங்கள் தபால் அறையின் முத்திரை, 14ஆம் தேதி. அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் பதிவேடுதான் ஜெயித்திருக்கும்; அதை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இனி மின்னஞ்சல். குறைதீர்ப்பு நடைமுறையில் உள்ள முகவரிக்குப் புதிதாக ஒன்றை அனுப்புங்கள். பழைய சங்கிலியில் பதிலாக வேண்டாம். தலைப்பு வரியில் 'புகார்' என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். 'விளக்கம் தேவை', 'பணிவான வேண்டுகோள்' என்றெல்லாம் எழுதினால் அது, விவரம் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் விசாரணைப் பிரிவில் போய் விழும். விசாரணைக்குப் புகாருக்கு உள்ள நாள் கணக்குக் கிடையாது. கடிதத்தைக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக இணையுங்கள். ஆனால் முக்கியமான நான்கு வரிகளை மின்னஞ்சலின் உடலிலேயே எழுதிவிடுங்கள்: கணக்கு எண், பிடித்த தொகையும் தேதியும், ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்ற வாதம், திரும்பக் கேட்கும் தொகை. இணைப்பைத் திறக்க முடியவில்லை என்ற சாக்கு பிறகு எழாது.

இணைப்பின் அளவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கைபேசியில் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அப்படியே இணைத்துவிடுவார்கள். மின்னஞ்சலில் பயணம் செய்வதற்காகக் கோப்பு வேறு வடிவத்துக்கு மாற்றப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். உங்கள் கணினியில் 20 எம்.பி. என்று காட்டுவது வழியில் 27 எம்.பி. ஆகிவிடும். எதிர்ப்பக்கத்து வரம்பு 25 ஆக இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். எனவே மொத்தம் சில எம்.பி.க்குள் அடக்குங்கள்.

அனுப்பியபின் ஓரிரு மணி நேரத்தில் பெட்டியைப் பாருங்கள். Mailer-Daemon என்ற பெயரில் ஒன்று வந்திருந்தால் அது குப்பை அல்ல, திரும்பி வந்த தபால். அதற்குள் 550 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே இல்லை, எழுத்துப்பிழையைத் தேடுங்கள். 552 5.3.4 என்று இருந்தால் செய்தி பெரிதாகிவிட்டது. சில நேரம் எதிர்ச் சேவையகம் தற்காலிகமாக ஓய்ந்திருந்தால், உங்கள் சேவையகம் நான்கைந்து நாள்கூட முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிரிக்கும். அதனால் முதல் நாள் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஒரு வாரம் கண் வைத்திருங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய சான்று எது என்று கேட்டால், தானாக வரும் புகார் எண். 'உங்கள் புகார் பதிவாகியுள்ளது' என்று எண்ணோடு வரும் அந்த இரண்டு வரியை நான் எந்த ரசீதுக்கும் கீழே வைக்க மாட்டேன். நிறுவனமே தன் வாயால் ஒப்புக்கொண்டது அது. இரண்டு வேலை நாளில் எண் வராவிட்டால், அதே மின்னஞ்சலுக்குக் கீழே 'புகார் எண்ணைத் தெரிவிக்கவும்' என்று மறுபடி ஒரு வரி அனுப்புங்கள். 'படித்த ரசீது' கேட்கும் வசதியை நம்ப வேண்டாம். பெறுபவர் விரும்பாவிட்டால் அது வராது. வராததால் எதுவும் நிரூபணம் ஆகாது.

திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் பாதிச் சான்றுதான். படத்தை யாரும் திருத்தலாம் என்ற வாதம் எளிதாக எழும். மின்னஞ்சலையே .eml கோப்பாகப் பதிவிறக்கி வையுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள்: அனுப்பும்போதே உங்களுக்குச் சொந்தமான வேறொரு முகவரிக்கோ மகனின் முகவரிக்கோ ஒரு நகல் போகட்டும். உங்கள் 'அனுப்பியவை' பெட்டியில் கிடப்பது நீங்கள் எழுதியதை மட்டும் காட்டும். இன்னொரு பெட்டிக்கு வந்து சேர்ந்த நகலின் தலைப்பில், அது எந்தச் சேவையகம் வழியாக எந்த நொடியில் கடந்தது என்பது Received என்று தொடங்கும் வரிகளில் இருக்கும். Message-ID என்ற அடையாளமும் இருக்கும். நிறுவனத்துக்குச் சேர்ந்தது என்பதை இது நிரூபிக்காது. ஆனால் இன்ன வாசகம், இன்ன இணைப்போடு, இன்ன நேரத்தில் உண்மையிலேயே புறப்பட்டது என்பதை நிரூபிக்கும். 'மின்னஞ்சல் வந்தது, ஆனால் அதில் இணைப்பே இல்லை' என்பவர்களுக்கு அதைக் காட்டலாம்.

நிறுவனம் இணையப் படிவத்தை மட்டுமே தந்திருந்தால், நிரப்பிய பக்கத்தைச் சமர்ப்பிப்பதற்கு முன் சேமித்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியபின் உங்களிடம் ஒரு எண் மட்டும்தான் மிஞ்சும். என்ன எழுதினோம் என்பதே மறந்துவிடும்.

அடுத்து அண்ணனின் பதிவுத் தபால். அதற்கு ஒரு பலம், ஒரு பலவீனம். மூன்றாவது ஆள், அதாவது தபால் துறை, தேதியோடு சாட்சி சொல்கிறது என்பது பலம். உறைக்குள் என்ன இருந்தது என்று அந்தச் சாட்சிக்குத் தெரியாது என்பது பலவீனம். 'உறை வந்தது, உள்ளே வேறு ஏதோ இருந்தது' என்று சொன்ன நிறுவனங்களை நானே பார்த்திருக்கிறேன். இத்தாலியில் இதற்காகவே கடிதத்தை உறையில்லாமல் மடித்து ஒட்டி, அதன் முதுகிலேயே முகவரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பும் பழக்கம் உண்டு. தபால் முத்திரை கடிதத்தின் மேலேயே விழுந்துவிடும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒப்புகை அட்டையில் அனுப்புநர் எழுதும் இடத்தில், உங்கள் பெயருக்குக் கீழே 'கடன் கணக்குப் புகார்' என்றும் கடிதத் தேதியும் சிறிதாக எழுதுங்கள். கையெழுத்திடுபவர் அந்த வரியையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறார். கடிதத்தின் ஒவ்வொரு தாளிலும் 'பக்கம் 1/4' என்ற வகையில் எண் போடுங்கள். கடைசியில் இணைப்புகளின் பட்டியலும் பக்க எண்ணிக்கையும் இருக்கட்டும். மூல ஆவணம் எதையும் உறைக்குள் வைக்காதீர்கள்; நகல்கள் போதும்.

தபால் நிலையத்தில் தரும் ரசீது, அனுப்பியதற்கு மட்டுமே சான்று. அதில் உள்ள பதிவு எண்ணை உடனே உங்கள் நகலின் மேற்புறத்தில் கையால் எழுதிவிடுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீதாக இருந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும், அன்றே படியெடுங்கள். இணையத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்து, 'பட்டுவாடா ஆனது' என்று வந்த நாளிலேயே அந்தப் பக்கத்தை அச்செடுத்துவிடுங்கள். இந்தத் தடங்கள் இணையத்தில் காலமெல்லாம் இருப்பதில்லை. நீங்கள் வழக்குக்கு நிற்கும்போது அது காணாமல் போயிருக்கும். ஒப்புகை அட்டை திரும்பி வரவே இல்லை என்றால் பதறாதீர்கள். தபால் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டால் பட்டுவாடா விவரத்தைத் தேடித் தருவார்கள். அதைச் சீக்கிரம் கேட்க வேண்டும்.

உறை 'ஏற்க மறுப்பு' என்ற குறிப்போடு உங்களிடமே திரும்பி வந்தால், தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண்மணி, உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்க்க அந்த உறையைக் கிழித்துவிட்டுத்தான் என் மேசைக்கே வந்தார். ஒட்டு அவிழாத உறைதான் உள்ளே இருந்த கடிதத்துக்குச் சாட்சி. தேவைப்படும் இடத்தில், கேட்பவர் முன்னிலையில் திறக்க வேண்டியது அது. சரியான முகவரிக்குப் போன தபாலை வேண்டுமென்றே வாங்க மறுத்தால், அது சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல நாடுகளின் நீதிமன்றங்களில் உண்டு. 'அந்த முகவரியில் இல்லை' என்று வந்தால் கதை வேறு. அது உங்கள் முகவரிப் பிழை, மறுபடி அனுப்பியே ஆக வேண்டும்.

தனியார் கூரியரைப் பற்றி ஒரு வரி: நிறுவனம் தந்த முகவரி தபால் பெட்டி எண்ணாக இருந்தால் கூரியர்க்காரர் எங்கே போய்க் கொடுப்பார்? அங்கே கதவும் இல்லை, கையெழுத்துப் போட ஆளும் இல்லை.

நேரில் கொடுப்பது மூன்றிலும் வேகமானது. கெடு நாளையோ நாளை மறுநாளோ முடிகிறது என்றால் நான் அதைத்தான் செய்வேன். கடிதமும் இணைப்புகளும் இரண்டு செட். ஒன்றை வாங்கிக்கொண்டு, மற்றொன்றில் அலுவலக முத்திரை, தேதி, பெயர், பதவி, கையெழுத்து. 'பெறப்பட்டது, உள்ளடக்கம் சரிபார்க்கப்படவில்லை' என்று ஒரு முத்திரை குத்துவார்கள். அதைப் பார்த்து யாரும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதைத்தான் நாம் கேட்டோம், ஒப்புக்கொண்டதை அல்ல.

உங்கள் கிளைக்காரர்கள் மறுப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும். கையெழுத்துப் போட்டால் தலைமை அலுவலகம் தன்னைக் கேள்வி கேட்குமோ என்று கவுண்ட்டரில் இருப்பவர் பயப்படுவார். அவரோடு மல்லுக்கட்டாமல், 'உங்கள் வரவுப் பதிவேட்டில் ஏற்றி அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். கையெழுத்துக்கு மறுப்பவர்கள் எண்ணைத் தந்துவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதுவும் இல்லையென்றால் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். சான்றில்லாமல் கொடுத்த கடிதமும் கொடுக்காத கடிதமும் ஒன்றுதான். வாசலில் உள்ள புகார்ப் பெட்டியில் போட்டுவிட்டு வருவதும் அப்படியே. அன்று மாலையே புகார் மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'இன்று காலை 11.20 மணிக்கு இந்தக் கடிதத்தைக் கிளையில் கொடுக்க வந்தேன். நகலில் ஒப்பம் தர மறுத்ததால் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன், பதிவு எண் இது.' அன்றன்றே எழுதிய குறிப்புக்கு, ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதைவிட எடை அதிகம்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி, அதனால், இதுதான்: ஒரே கடிதம், ஒரே தேதி, அதே நாளில் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும். தபாலை முதலில் போட்டுவிட்டு, அதன் பதிவு எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிடுங்கள். கடிதத்தின் தலையில் 'மின்னஞ்சல் மற்றும் பதிவுத் தபால் மூலம்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் இரண்டு புகார் என்று நினைத்து இரண்டு எண் கொடுத்துவிட்டு, ஒன்றை 'நகல் புகார்' என்று மூடிவிடுவார்கள். மின்னஞ்சல் இணைப்பில் உள்ளதும் உறைக்குள் உள்ளதும் ஒன்றே என்பதால், உறைக்குள் என்ன இருந்தது என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இரண்டு வழியில் அனுப்பினால் இரண்டு சேர்ந்த தேதிகள் வரும். இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். ஜூன் 3 அன்று இரண்டையும் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலுக்கு அன்றே புகார் எண் வந்துவிட்டது. ஒப்புகை அட்டையில் ஜூன் 7 என்று இருக்கிறது. நிறுவனம் பதில் தர விதி கொடுத்திருக்கும் அவகாசம் 30 நாள் என்று கொள்வோம். உங்களுக்குப் பொருந்தும் விதியில் எண் மாறலாம். பெற்ற நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ணுவதுதான் பொது வழக்கம். முதல் கணக்கில் அவகாசம் ஜூலை 3 அன்று முடிகிறது. இரண்டாவதில் ஜூலை 7 அன்று.

ஆம்புட்ஸ்மேன் போன்ற மேலமைப்புக்கு எப்போது போகலாம் என்று பார்க்கும்போது பிந்தைய தேதியை எடுங்கள். ஜூலை 8க்கு முன் போக வேண்டாம். 'அவகாசம் முடியுமுன் வந்துவிட்டீர்கள்' என்று திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் மேலே போவதற்கே ஒரு கடைசித் தேதி இருக்குமல்லவா? அதை எண்ணும்போது முந்தைய தேதியிலிருந்து, அதாவது ஜூலை 3இலிருந்து எண்ணுங்கள். இரண்டு இடத்திலும் உங்களுக்குப் பாதகமான தேதியையே எடுத்துக்கொண்டால், எந்தப் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டாலும் நீங்கள் உள்ளே இருப்பீர்கள். இடையில் நிறுவனம் 'நிராகரிக்கிறோம்' என்று பதில் எழுதிவிட்டால் 30 நாளுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பதில் வந்த தேதியிலிருந்து புதிய கெடு ஓடத் தொடங்கும். அந்த உறையையும் மின்னஞ்சலையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

இருபது நாளுக்கு முன் அனுப்பிய பழைய மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். புதிய கடிதத்தில், 'இதே விஷயத்தை இன்ன தேதியில் கணக்கு அறிக்கை வரும் முகவரிக்குத் தெரிவித்தேன், பதில் இல்லை' என்று ஒரே வரியில் குறிப்பிட்டு, அதன் நகலையும் இணைத்துவிடுங்கள். நாள் கணக்குக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம்.